ஒரே காலண்டர் தாளில் இரண்டு விதமான மாதங்கள்: 28, 31, 29, 32 எப்படி வந்தன

"எங்க வீட்டு காலண்டர்ல பெப்ரவரிக்கு 28 நாள், ஜூலைக்கும் ஓகஸ்டுக்கும் 31. அதே தாள்ல சின்ன எழுத்துல போட்டிருக்கிற தமிழ் மாசத்த எண்ணினா மார்கழிக்கு 29, வைகாசிக்கு ஒரு வருஷம் 31, இன்னொரு வருஷம் 32. ஏன் இப்படி ஏறுமாறா இருக்கு? டிசம்பர்னா பத்தாவது மாசம்னு அர்த்தமாம், அது எப்படி பன்னிரண்டாவதா வந்துச்சு?"

இங்கிலீஷ் மாதத்தின் நாள் கணக்கு மனிதர் வைத்தது. 2000 வருடங்களுக்கு முன் ரோமாபுரியில் சிலர் உட்கார்ந்து முடிவு செய்தார்கள், அது அப்படியே நின்றுவிட்டது. தமிழ் மாதத்தின் நாள் கணக்கு யாரும் முடிவு செய்ததல்ல. சூரியன் ஒரு ராசியைக் கடக்க எத்தனை நாள் எடுக்கிறதோ அதுதான் மாதம், அந்த வேகம் வருடம் முழுக்க ஒரே மாதிரி இருப்பதில்லை. ஒன்றுக்குக் காரணத்தைச் சரித்திரத்தில் தேட வேண்டும், மற்றதற்கு வானத்தில்.

முதலில் இங்கிலீஷ் மாதங்கள்.

ரோமரின் மிகப் பழைய வருடத்துக்குப் பத்தே மாதங்கள் என்பது அவர்களே சொல்லி வந்த மரபு. அது மார்ச்சில் தொடங்கியது. போர்த் தெய்வமான மார்ஸின் பெயர் அது. பனி விலகி, உழவும் படையெடுப்பும் தொடங்கும் காலம். முதல் நான்கு மாதங்களுக்குத்தான் தனிப் பெயர். ஐந்தாவதிலிருந்து எண்ணையே பெயராக வைத்துவிட்டார்கள்: குவின்டிலிஸ் (ஐந்தாவது), செக்ஸ்டிலிஸ் (ஆறாவது), பிறகு செப்டெம்பர், ஒக்டோபர், நவம்பர், டிசம்பர். கடைசி நான்கின் பொருளை நமக்கு யாரும் தனியாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. சப்தமி, அஷ்டமி, நவமி, தசமி என்று திதிகளை எண்ணிப் பாருங்கள். லத்தீனும் சமஸ்கிருதமும் உறவு மொழிகள் என்பதால் ஏழு, எட்டு, ஒன்பது, பத்து அங்கேயும் கிட்டத்தட்ட அதே ஒலியில் இருக்கின்றன. நவராத்திரியின் 'நவ'வும் நவம்பரின் 'நவ'வும் ஒரே வேர்தான்.

அந்தப் பத்து மாதங்களையும் கூட்டினால் 304 நாள்தான் வரும். மிச்சமிருந்த குளிர்காலத்தில் வயலிலும் வேலை இல்லை, போரும் இல்லை. அந்த நாட்களுக்கு மாதப் பெயரே இல்லாமல் விட்டிருந்தார்கள். நூமா என்ற அரசர் அந்த வெற்றிடத்துக்கு ஜனவரி, பெப்ரவரி என்று இரண்டு மாதங்களைச் சேர்த்தார் என்பது மரபு. ஜனவரி, வாசல்களின் தெய்வமான ஜானஸின் மாதம். பெப்ரவரி என்ற பெயர், தீட்டுக் கழிக்கும் சடங்குப் பொருட்களைக் குறித்த 'பெப்ருவா' என்ற சொல்லிலிருந்து வந்தது. இறந்த முன்னோர்களுக்குச் செய்யும் கிரியைகளும் அந்த மாதத்தில்தான். நம் ஆடி அமாவாசை, புரட்டாசி மகாளயம் போன்ற காரியங்களுக்கென்று அவர்கள் ஒதுக்கிய மாதம் என்று வைத்துக்கொள்ளலாம்.

பெப்ரவரி குறைந்ததற்கான காரணம் இங்கேதான் இருக்கிறது. பன்னிரண்டு பிறைகள் வந்து போக 354 நாள் ஆகும். ரோமர்களுக்கு இரட்டைப்படை எண் ஆகாது, ஒற்றைப்படைதான் நல்லது. அதனால் வருடத்தை 355 ஆக்கினார்கள். மாதங்களையும் ஒற்றைப்படையாகவே வைத்தார்கள்: மார்ச், மே, குவின்டிலிஸ், ஒக்டோபர் நான்குக்கும் 31, ஏழு மாதங்களுக்கு 29. ஆனால் பன்னிரண்டு ஒற்றைப்படை எண்களைக் கூட்டினால் விடை ஒருபோதும் ஒற்றைப்படையாக வராது. 355 வர வேண்டுமானால் குறைந்தது ஒரு மாதமாவது இரட்டைப்படையாக இருந்தாக வேண்டும். அந்த ஆகாத எண்ணை யார் தலையில் வைப்பது? இறந்தவர்களுக்குரிய மாதத்தின் தலையில் வைத்தார்கள். 31 நான்கு தடவை 124, 29 ஏழு தடவை 203, அதோடு பெப்ரவரியின் 28. மொத்தம் 355.

இந்த வருடம் சூரியனை விடப் பத்து நாள் குறைவு. அப்படியே விட்டால் அறுவடைத் திருவிழா விதைப்புக் காலத்துக்குப் போய்விடும். அதைச் சரிக்கட்ட, சில வருடங்களில் பெப்ரவரியை 23, 24ஆம் திகதியோடு வெட்டிவிட்டு, இடையில் ஒரு மாதத்தைச் செருகினார்கள். எப்போது செருகுவது என்பது தலைமைப் பூசாரிகளின் கையில் இருந்தது. ரோமில் பதவிகள் ஒரு வருடத்துக்குத்தான். வேண்டியவர் பதவியில் இருந்தால் மாதத்தைச் செருகி வருடத்தை நீட்டலாம். ஆகாதவர் என்றால் செருகாமல் விடலாம். ஜூலியஸ் சீசரின் காலத்தில் காலண்டர் பருவத்தை விட ஏறக்குறைய மூன்று மாதம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது.

கி.மு. 46இல் சீசர் இதை நேராக்கினார். அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த சோசிஜெனஸ் என்ற வானியலாளர் அவருக்கு ஆலோசனை சொன்னார். முதலில், பிந்திய பருவம் வந்து சேரும் வரை அந்த ஒரு வருடத்தை 445 நாளுக்கு நீட்டினார்கள். பிறகு 355 நாளோடு பத்து நாளைச் சேர்த்து 365 ஆக்கினார்கள். இன்று நம் சுவரில் தொங்கும் 30, 31 என்ற வரிசை முழுவதும் அந்தப் பத்து நாளைப் பங்கு வைத்த விதம்தான். ஏற்கெனவே 31 இருந்த நான்கு மாதங்களைத் தொடவில்லை. ஜனவரி, செக்ஸ்டிலிஸ், டிசம்பர் மூன்றுக்கும் இரண்டிரண்டு நாள் கொடுத்து 29ஐ 31 ஆக்கினார்கள். அது ஆறு நாள். ஏப்ரல், ஜூன், செப்டெம்பர், நவம்பர் நான்குக்கும் ஒவ்வொரு நாள் கொடுத்து 30 ஆக்கினார்கள். அது நான்கு நாள். பங்கு முடிந்தது. பெப்ரவரிக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, ஏனென்றால் அந்த மாதத்துக் கிரியைகளின் நாட்கணக்கைக் குழப்ப அவர்கள் விரும்பவில்லை.

விரல் மூட்டில் மாதம் எண்ணும்போது ஜூலையும் ஓகஸ்டும் அடுத்தடுத்து மேட்டில் வருவது இதனால்தான். ஜூலை பழைய 31. ஓகஸ்ட் இரண்டு நாள் பெற்றுப் புதிதாக 31 ஆனது. 30, 31 என்று மாறி மாறி வர வேண்டும் என்று யாரும் திட்டமிடவே இல்லை, அங்கங்கே அப்படி அமைந்தது தற்செயல்.

இங்கே பரவலாகச் சொல்லப்படும் ஒரு கதையை மறுத்தாக வேண்டும். அகஸ்டஸ் மன்னர், 'சீசரின் ஜூலைக்கு 31, என் மாதத்துக்கு மட்டும் 30ஆ' என்று பெப்ரவரியிலிருந்து ஒரு நாளைப் பிடுங்கிக்கொண்டார் என்பது அந்தக் கதை. பாடசாலைப் பிள்ளைகளுக்குக்கூட இதைத்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள். இது 13ஆம் நூற்றாண்டில் சாக்ரோபொஸ்கோ என்ற அறிஞர் எழுதி வைத்தது. அவர் கணக்குப்படி பெப்ரவரிக்கு முதலில் 29 நாள் இருந்திருக்க வேண்டும், ஒக்டோபருக்கு 30 இருந்திருக்க வேண்டும். ஆனால் சீசரின் திருத்தத்துக்கு முந்திய ஒரு காலண்டரே கிடைத்திருக்கிறது. இத்தாலியில் அன்சியோ என்ற ஊரில், சுண்ணாம்புச் சுவரில் வண்ணம் தீட்டி எழுதியது. ஒவ்வொரு மாதத்தின் அடியிலும் நாள் தொகை போட்டிருக்கிறது. அதில் அப்போதே பெப்ரவரி 28, ஒக்டோபர் 31. அகஸ்டஸ் பிறப்பதற்கு முன்பே குறைந்திருந்த மாதத்திலிருந்து அவர் எதையும் எடுத்திருக்க முடியாது. அவர் காலத்தில் மாறியது பெயர் மட்டும்தான். கி.மு. 44இல் குவின்டிலிஸ் ஜூலை ஆனது, கி.மு. 8இல் செக்ஸ்டிலிஸ் ஓகஸ்ட் ஆனது, எகிப்தை அவர் வென்ற மாதம் என்பதால். பின்னால் வந்த நீரோவும் டொமிஷியனும் தங்கள் பெயரை மாதங்களுக்கு வைத்துப் பார்த்தார்கள். அவர்களோடு அந்தப் பெயர்களும் போய்விட்டன.

டிசம்பர் எப்படிப் பன்னிரண்டாவது ஆனது என்ற கேள்விக்கு சீசருக்கும் முந்திய ஒரு வருடத்தைப் பார்க்க வேண்டும். ரோமின் வருடத்தை, அந்த வருடம் பதவியேற்கும் கொன்சல் என்ற தலைவர்களின் பெயரால் குறிப்பார்கள். அவர்கள் மார்ச் 15இல் பதவியேற்பது வழக்கம். ஸ்பெயினில் கலகம் மூண்டு, படைத்தலைவரை அவசரமாக அனுப்ப வேண்டி வந்ததால், கி.மு. 153இல் பதவியேற்பை ஜனவரி 1க்கு முன்தள்ளினார்கள். அதன் பிறகு வருடம் ஜனவரியில் தொடங்குவதே நிலைத்தது. மாதங்களின் வரிசை மாறவில்லை. எண்ணத் தொடங்கும் இடம்தான் மார்ச்சிலிருந்து ஜனவரிக்கு மாறியது. செப்டெம்பர் முதல் டிசம்பர் வரை பெயரை மாற்றாமல் விட்டதால் ஏழாவது ஒன்பதாவதானது, பத்தாவது பன்னிரண்டாவதானது. லீப் வருடத்து மிகை நாள் பெப்ரவரியில் வருவதும் பழைய வழக்கத்தின் மிச்சம்தான். செருகு மாதத்தை வெட்டி வைத்த அதே இடத்தில் சீசர் மிகை நாளை வைத்தார்.

'காலண்டர்' என்ற சொல்லையும் பார்த்துவிடலாம். ரோமில் மாதத்தின் முதல் நாளுக்கு 'கலெண்டே' என்று பெயர். வாங்கிய கடனுக்கு வட்டி கட்டும் நாள் அது. வட்டிக்காரரின் கணக்குப் புத்தகம் 'கலெண்டாரியம்'. கடைக் கடன் கொப்பியின் பெயர்தான் சுவரில் தொங்கும் தாளுக்கு வந்திருக்கிறது.

பெப்ரவரியின் குறை இன்றும் தோட்டத்து வேலைநாள் பதிவான செக்ரோலில் தெரியும். 28 நாள் என்பது சரியாக நான்கு வாரம். ஞாயிறு நான்கைக் கழித்தால் 24 நாள், அதிலும் போயாவும் சுதந்திர தினமும் போகும். மார்ச்சில் 31 நாள், ஞாயிறு நான்கோ ஐந்தோ போனாலும் 26 அல்லது 27 மிஞ்சும். நாட்சம்பளக்காரருக்கு மாதக் கணக்கில் இரண்டு மூன்று நாள் குறைந்து நிற்பதற்கு, கணக்கப்பிள்ளை அல்ல, இரட்டைப்படை எண்ணுக்குப் பயந்த ரோமர்கள்தான் காரணம்.

இனித் தமிழ் மாதம். இதில் பெயர் ஓரிடத்திலிருந்தும் நீளம் வேறோரிடத்திலிருந்தும் வருகிறது. இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் குழப்பம் தீரும்.

பெயர் சந்திரனிலிருந்து வருகிறது. எந்த மாதத்துப் பௌர்ணமி எந்த நட்சத்திரத்தை ஒட்டி வருமோ அந்த நட்சத்திரத்தின் பெயரே மாதத்துக்கு. சித்திரை நட்சத்திரத்தால் சித்திரை, விசாகத்தால் வைகாசி, பூரட்டாதியால் புரட்டாசி (யாழ்ப்பாணத்தார் புரட்டாதி என்றே சொல்வார்கள்), அசுவினியால் ஐப்பசி, கார்த்திகையால் கார்த்திகை, மிருகசீரிடத்தால் மார்கழி, மகத்தால் மாசி. தை என்பது பூசத்தின் பழைய வடமொழிப் பெயரான திஷ்யத்திலிருந்து வந்தது. நம் பெரிய திருவிழாக்களை வரிசையாகச் சொன்னாலே இந்தப் பட்டியல் வந்துவிடும்: வைகாசி விசாகம், திருக்கார்த்திகை, தைப்பூசம், மாசி மகம், பங்குனி உத்திரம். மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் மாசி மகத்தன்று ஐந்து தேர் இழுக்கும்போது, மாசிக்கு ஏன் மாசி என்று பெயர் வந்தது என்பதையே ஊர் கூடிக் கொண்டாடுகிறது.

சிங்களவரின் போயாப் பெயர்களும் இதே வேர்தான். வெசாக் என்பது விசாகம், அதாவது நம் வைகாசி. எசல என்பது ஆஷாடம், அதாவது நம் ஆடி. கண்டியில் எசல பெரஹராவும் நம் ஆடித் திருவிழாக்களும் பருவத்தால் நெருங்கி வருவது இதனால்.

சித்திரையில் பௌர்ணமி ஏன் சித்திரை நட்சத்திரத்தருகே வருகிறது என்று கேட்டால், கணக்கு எளிது. பௌர்ணமி அன்று சந்திரன் சூரியனுக்கு நேர் எதிரே நிற்கும். சித்திரை மாதத்தில் சூரியன் மேஷத்தில் இருக்கிறது. மேஷத்துக்கு நேர் எதிர் துலாம். சித்திரை நட்சத்திரம் கன்னியும் துலாமும் சந்திக்கும் இடத்தில் இருக்கிறது. ஆனால் 27 நட்சத்திரத்தைப் பன்னிரண்டு மாதத்துக்குப் பங்கிட்டால் ஒரு மாதத்துக்கு இரண்டேகால் நட்சத்திரம் வரும். அதனால் பௌர்ணமி சில வருடம் சித்திரையில் விழாமல் அடுத்த சுவாதியில் விழும். மாதப் பெயர் பொய்த்துவிட்டது என்று நினைக்க வேண்டாம், அவ்வளவு இடம் விட்டுத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள்.

நீளம் சூரியனிலிருந்து வருகிறது. வான வட்டம் 360 பாகை, ராசி ஒன்றுக்கு 30 பாகை. சூரியன் ஒரு ராசிக்குள் நுழையும் கணம்தான் சங்கிராந்தி, மாதப் பிறப்பு. அடுத்த ராசிக்குள் நுழையும் வரை அந்த மாதம். சூரியன் நகர்வதாக நமக்குத் தெரிவது, பூமி அதைச் சுற்றுவதால். பூமியின் பாதை முழு வட்டமல்ல, சற்று நீண்ட வட்டம். ஜனவரி முதல் வாரத்தில் பூமி சூரியனுக்கு மிக அருகே வரும், தூரம் சுமார் 14 கோடியே 71 இலட்சம் கிலோமீற்றர். ஜூலை முதல் வாரத்தில் மிகத் தொலைவில், சுமார் 15 கோடியே 21 இலட்சம் கிலோமீற்றரில் இருக்கும். அருகே வரும்போது வேகமாகவும் தொலைவில் மெதுவாகவும் ஓடும். நுவரெலியாவில் கொழுந்து உறைபனியில் கருகும் ஜனவரியில்தான் சூரியன் நமக்கு மிக அருகே இருக்கிறது. குளிருக்கும் இந்தத் தூரத்துக்கும் தொடர்பில்லை.

இந்த வேக வித்தியாசம் மாதத்தை எவ்வளவு மாற்றுகிறது? பாகைக்கு 60 கலை என்பதால் ஒரு ராசி 1800 கலை. ஜூலைத் தொடக்கத்தில் சூரியன் நாளுக்குச் சுமார் 57 கலை நகரும். 1800ஐ 57ஆல் வகுத்தால் 31½ நாளுக்குச் சற்று மேல். ஜனவரித் தொடக்கத்தில் நாளுக்குச் சுமார் 61 கலை. 1800ஐ 61ஆல் வகுத்தால் 29½ நாள். ஜூலைத் தொடக்கம் ஆனிக்குள் வருகிறது, அதனால் ஆனி எல்லாவற்றிலும் நீளம். ஜனவரித் தொடக்கம் மார்கழிக்குள் வருகிறது, அதனால் மார்கழி எல்லாவற்றிலும் குறைவு. தொலைநோக்கி இல்லாத காலத்திலேயே நம் பஞ்சாங்கக் கணிதர்கள் இதை விநாடி வரை எழுதி வைத்திருக்கிறார்கள்: ஆனி 31 நாள் 36 நாழிகை 38 விநாடி, மார்கழி 29 நாள் 20 நாழிகை 53 விநாடி. நாழிகை என்பது 24 நிமிடம், 60 நாழிகை ஒரு நாள்; 60 விநாடி ஒரு நாழிகை. ஆனிக்கும் மார்கழிக்கும் இடையில் இரண்டே கால் நாளுக்கு மேல் வித்தியாசம்.

அப்படியானால் காலண்டரில் நாழிகை எங்கே போகிறது, 32 எங்கிருந்து வருகிறது? மாதப் பிறப்பு நடுப்பகலிலும் வரலாம், நடுச்சாமத்திலும் வரலாம். ஆனால் திகதியை முழு நாளாகத்தானே போட வேண்டும்? தமிழ் மாதத்துக்கு விதி இது: சூரியன் ராசிக்குள் நுழைவது அஸ்தமனத்துக்கு முன் என்றால் அந்த நாளே முதலாம் திகதி. அஸ்தமனத்துக்குப் பின் என்றால் மறுநாள் முதலாம் திகதி.

ஒரு வருடத்தை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். எளிதாக இருக்க உதயம் காலை 6 மணி, அஸ்தமனம் மாலை 6 மணி என்று வைத்துக்கொள்கிறேன். அப்படியானால் உதயத்திலிருந்து 30 நாழிகையில் அஸ்தமனம். சித்திரை பிறப்பது ஏப்ரல் 14, உதயத்திலிருந்து 20 நாழிகையில், அதாவது பிற்பகல் 2 மணிக்கு என்போம். 30க்குள் இருப்பதால் ஏப்ரல் 14தான் சித்திரை 1.

சித்திரையின் அளவு 30 நாள் 55 நாழிகை 32 விநாடி. 20 நாழிகையோடு 55 நாழிகை 32 விநாடியைக் கூட்டினால் 75 நாழிகை 32 விநாடி. அதில் 60ஐ ஒரு நாளாக எடுத்தால் 31 நாள் கழித்து 15 நாழிகை 32 விநாடியில் வைகாசி பிறக்கிறது. அது மே 15, நண்பகலை ஒட்டி. பகல்தான், ஆகவே அன்றே வைகாசி 1. சித்திரைக்கு 31 நாள்.

வைகாசியின் அளவு 31 நாள் 24 நாழிகை 12 விநாடி. 15 நாழிகை 32 விநாடியோடு இதைக் கூட்டினால் மே 15இலிருந்து 31 நாள் கழித்து, ஜூன் 15இல், 39 நாழிகை 44 விநாடிக்கு ஆனி பிறக்கிறது. 30 நாழிகை தாண்டிவிட்டது, இராத்திரி பத்து மணிக்குச் சற்று முன். ஆகவே ஆனி 1 மறுநாள் ஜூன் 16. மே 15இலிருந்து ஜூன் 15 வரை எண்ணுங்கள், வைகாசிக்கு 32 நாள் வந்துவிட்டது.

ஆனியின் 31 நாள் 36 நாழிகை 38 விநாடியைக் கூட்டினால் 76 நாழிகை 22 விநாடி வருகிறது. 60 கழித்தால் ஜூலை 17, 16 நாழிகை 22 விநாடி, பகல் நேரம். அன்றே ஆடி 1. ஜூன் 16இலிருந்து ஜூலை 16 வரை ஆனிக்கு 31 நாள்தான். உண்மையில் ஆனிதான் நீளமான மாதம், ஆனால் இந்த வருடம் 32 நாள் கிடைத்தது வைகாசிக்கு. மாதத்தின் உண்மை அளவு மாறவில்லை. அஸ்தமனக் கோட்டின் எந்தப் பக்கம் பிறப்பு விழுகிறது என்பதுதான் ஒரு நாளைக் கூட்டியும் குறைத்தும் காட்டுகிறது.

அடுத்த வருடம் என்ன ஆகும்? பன்னிரண்டு மாதத்தையும் கூட்டினால் 365 நாள் 15 நாழிகை 31 விநாடி. ஆக ஒவ்வொரு வருடமும் எல்லாப் பிறப்பும் 15½ நாழிகை, அதாவது சுமார் ஆறேகால் மணி நேரம் பிந்தும். போன வருடம் 20 நாழிகையில் பிறந்த சித்திரை இப்போது 35½ நாழிகையில், இராத்திரியில் பிறக்கும். அதே கூட்டலைத் திரும்பப் போட்டால் இந்தத் தடவை வைகாசி 31, ஆனி 32 என்று வருகிறது. அந்த 32 இப்படித்தான் வைகாசி, ஆனி, ஆடி என்று வருடத்துக்கு வருடம் இடம் மாறுகிறது. மார்கழிக்கோ தைக்கோ அது ஒருநாளும் போகாது, அவற்றின் அளவு 29½ஐக்கூட எட்டுவதில்லை.

இரண்டு காலண்டர்கள் ஒரு நாள் முன்பின்னாகக் காட்டினால் அச்சுப் பிழை என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். முதலில் மாதப் பிறப்பு நேரத்தைப் பாருங்கள். இலங்கையில் வாக்கிய பஞ்சாங்கம், திருக்கணித பஞ்சாங்கம் இரண்டும் புழக்கத்தில் இருக்கின்றன. வாக்கியம் மேலே சொன்ன பழைய அளவுகளில் நிற்பது, திருக்கணிதம் இன்றைய வானியல் கணக்கில் நிற்பது. புதுவருடப் பிறப்புக்கு இரண்டு நேரம் அறிவிப்பதும் இதனால்தான். பிறப்பு நேரம் அஸ்தமனத்தை ஒட்டி வந்தால், ஒன்றில் அது மாலை 5 மணியாகவும் மற்றதில் இரவு 7 மணியாகவும் இருக்கலாம். அப்போது முதலாம் திகதியே மாறிவிடும். மலையாளிகளின் விதி இன்னும் வேறு. பகலை ஐந்தாக்கி மூன்று பங்குக்குள், 18 நாழிகைக்குள் பிறந்தால்தான் அந்த நாள். பிற்பகலில் மாதம் பிறந்தால் அவர்களின் முதலாம் திகதி நம்முடையதற்கு மறுநாள் வரும். மூவரில் யாரும் தப்பில்லை. விதி வேறு, அவ்வளவுதான்.

புதுவருடத்தன்று சிங்கள மக்கள் அனுசரிக்கும் நோனகதே நேரத்திலும் இதே கணக்கு இருக்கிறது. அந்த நேரத்தின் முதல் பாதியில் அடுப்பு மூட்டாமல், வேலை எதுவும் தொடங்காமல் இருப்பார்கள். நோனகதே என்பது பிறப்பு நேரத்துக்கு முன் 6 மணி 24 நிமிடம், பின் 6 மணி 24 நிமிடம், மொத்தம் 12 மணி 48 நிமிடம். இந்த எண் ஏன்? சூரியன் ஒரு புள்ளி அல்ல, வட்டத் தட்டு. வானத்தில் அதன் அகலம் சுமார் 32 கலை. நாளுக்கு 60 கலை நகர்ந்தால் 32 கலை நகர ஒரு நாளில் அறுபதுக்கு முப்பத்திரண்டு பங்கு, அதாவது சரியாக 12 மணி 48 நிமிடம். சூரியத் தட்டின் முன் விளிம்பு மீனத்தைத் தாண்டி மேஷத்தில் கால் வைத்தது முதல் பின் விளிம்பும் உள்ளே வந்து சேரும் வரை உள்ள நேரம் அது. பழைய வருடத்திலும் புது வருடத்திலும் சூரியன் பாதி பாதி நிற்கும் நேரம்.

கடைசியாக, தைப்பொங்கல் ஏன் சில வருடம் ஜனவரி 14, சில வருடம் 15 என்று பலர் கேட்பதுண்டு. காரணம் அதே ஆறேகால் மணி நேரம்தான். ஒவ்வொரு வருடமும் தை பிறப்பு அவ்வளவு பிந்திக்கொண்டே போகும். பெப்ரவரி 29 வந்ததும் ஒரு நாள் பின்னுக்கு இழுக்கப்பட்டுப் பழைய இடத்தருகே திரும்பும். ஆனால் முழுதாகத் திரும்பாது. நம் வருடம் இங்கிலீஷ் வருடத்தை விட இருபத்துமூன்று நிமிடம் நீளம் என்பதால், அறுபது சொச்சம் வருடத்துக்கு ஒரு நாள் வீதம் பொங்கல் ஜனவரிக்குள் தள்ளிப் போய்க்கொண்டே இருக்கும். உங்கள் வீட்டுப் பழைய காலண்டர்கள் ஆணியில் ஒன்றின் மேல் ஒன்றாகத் தொங்கினால் நான்கு வருடத் தாள்களை எடுத்து, தை 1, ஆடி 1 இரண்டும் எந்தத் திகதியில் விழுந்திருக்கின்றன என்று வரிசையாக எழுதிப் பாருங்கள். லீப் வருடத்தில் அது பின்வாங்கும் இடம் கண்ணுக்கு நேராகவே தெரியும்.